துண்டுக்கும் துடித்த நாடி

அலுவலகத்தில் எல்லாரும் அவளை நட்சத்திரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சினிமா நட்சத்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். விளம்பரத்தில் பெரிய எழுத்தின் தோளில் ஒரு குட்டி நட்சத்திரக் குறி உட்கார்ந்திருக்கும் இல்லையா? அதை எங்கே கண்டாலும் அழித்துவிடுவாள். அந்தக் குறிக்குரிய விஷயம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் பதுங்கியிருக்கும். அதைக் காதைப் பிடித்து மேலே இழுத்து வந்து நிறுத்துவாள். அந்தப் பெயர் கேலியாகத்தான் ஆரம்பித்தது, பிறகு அப்படியே நிலைத்துவிட்டது.

பல கடைகள் கூடி விற்கும் ஓர் இணையத் தளத்தில் ஸ்மார்ட்வாட்சும் ஃபிட்னஸ் பேண்டும் விற்கிற நிறுவனம் அது. முதலில் அவளுக்கு வேலை, திரும்பி வரும் பார்சல்களைப் பிரிக்கிற அறையில். வாங்கியவர்களின் ஏமாற்றத்தை அங்கேதான் கையில் எடுத்துப் பார்த்தாள். 'என் போனோடு சேரவே இல்லை' என்பார் ஒருவர். 'சிம் போட இடம் எங்கே?' என்று கேட்பார் இன்னொருவர். வாட்ச் கெட்டுப்போய் வந்ததைவிட, எதிர்பார்ப்பு கெட்டுப்போய் வந்ததுதான் அதிகம். ஒருநாள் முதலாளியம்மாவிடம் போய் நின்றாள். "மேடம், தப்பு பெட்டிக்குள்ள இல்ல. நாம எழுதுறதுலதான் இருக்கு."

"அப்ப நீயே எழுதிக் காட்டேன்" என்றார் முதலாளியம்மா. அன்றிலிருந்து விற்பனைப் பக்கங்களை எழுதுவது அவள் பொறுப்பாயிற்று.

மேஜை டிராயரில் பழசும் புதுசுமாகப் போன்களை வைத்துக்கொண்டாள். எந்த வாட்ச் வந்தாலும் ஒவ்வொரு போனோடும் இணைத்துப் பார்க்காமல் ஒரு எழுத்துகூட எழுத மாட்டாள். 'எல்லா போனுக்கும் பொருந்தும்' என்ற வரியைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் பெரிய தள்ளுபடி விற்பனையை நம்பி ஒரு புது வாட்ச் கொத்துக் கொத்தாக வந்து இறங்கியது. கிடங்கில் நடக்க வழியில்லை. விற்பனை மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. வாயைத் திறந்தால் டார்கெட் என்பதால் அவருக்கு டார்கெட் என்றே பெயர். தலைப்பைக்கூட அவரே யோசித்து வைத்திருந்தார்: 'உங்கள் மணிக்கட்டில் ஒரு மருத்துவர்! ரத்த அழுத்தம், ஆக்சிஜன், இதயத் துடிப்பு, நூற்றுக்கு நூறு துல்லியம்!'

"கொஞ்சம் போட்டுப் பாத்துட்டு எழுதறேன் சார்" என்று சொல்லி ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

வீட்டில் அவளுடைய நாத்தனாருக்கு ரத்த அழுத்தம். தினமும் மாத்திரை போடுகிறவர். வாட்சைக் கட்டியதும் திரையில் 118/76 என்று வந்தது. நாத்தனார் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா! எனக்கு ஒண்ணுமே இல்ல. அந்த டாக்டர் சும்மா பயமுறுத்துறாரு. நாளையிலேருந்து மாத்திரைக்கு லீவு."

"இருங்க அண்ணி" என்று அவள் தடுத்தாள். அலமாரியிலிருந்து ரத்த அழுத்தம் பார்க்கும் கைப்பட்டைக் கருவியை எடுத்தாள். நாத்தனாரைச் சாய்ந்து உட்கார வைத்து, சற்று ஓய்வெடுக்கச் சொல்லி, மேல்கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். 156/94. கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு முறை பார்த்தாலும் ஏறத்தாழ அதேதான். வாட்ச் மட்டும் சிரித்த முகமாக 117 என்றது.

"அப்ப இது பொய் சொல்லுதா?"

"பொய்யின்னு அதுக்குத் தெரியாது அண்ணி. தோல்மேல வெளிச்சம் அடிச்சு, திரும்பி வர்றத வச்சு ஊகிக்குது. அமைதியா உக்காந்திருந்தா நாடித்துடிப்ப ஓரளவு சொல்லிடும். ரத்த அழுத்தத்துக்கு உங்க வயசையும் எடையையும் கேட்டுக்கிட்டு ஏதோ ஒரு எண்ணச் சொல்லுது."

நாத்தனார் மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வாங்குறவங்க வீட்ல இதச் சொல்ல நீ இருக்க மாட்டியே" என்றார் போகிற போக்கில். அந்தச் சொல் அவளைத் தைத்துவிட்டது.

மறுநாள் கூட்டத்தில் டார்கெட் பிடிவாதமாக நின்றார். "போட்டிக் கடைங்க எல்லாம் இதே வாட்ச்சுக்கு மருத்துவத் துல்லியம்னுதான் போட்டிருக்காங்க. நாம மட்டும் அரிச்சந்திரன் வேஷம் கட்டினா சரக்கு கிடங்குலயே கிடக்கும்."

அவள் வாதாடவில்லை. கை துடைக்கிற துண்டை இறுக்கிச் சுருட்டி, அதில் வாட்சைக் கட்டி மேஜைமேல் வைத்தாள். பச்சை வெளிச்சம் மினுக்கியது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். துண்டுக்கு நாடித்துடிப்பு 74 என்றது. ரத்த அழுத்தம் 116/75.

 யாரோ களுக்கென்று சிரிக்க, அறையே குலுங்கியது. "துண்டு நல்ல ஆரோக்கியமா இருக்கு" என்றார் முதலாளியம்மா, சிரிக்காமல். டார்கெட்டுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி, ஆனா இத எப்படி விக்கிறது?" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இதால முடியுறதச் சொல்லி விப்போம் சார். திரை பளிச்சுன்னு இருக்கு, பேட்டரி ஒரு வாரம் தாங்குது, நடைய நல்லா எண்ணுது. அது போதாதா?"

அன்றே எழுதினாள். பக்கத்தின் மேலேயே, பெரிய எழுத்தில்:

'ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்குப் பிந்தைய போன்களோடும், ஐஓஎஸ் 13 அல்லது அதற்குப் பிந்தைய ஐபோன்களோடும் இணையும். வாங்கும் முன் உங்கள் போனின் செட்டிங்ஸில் பதிப்பைப் பாருங்கள். ஐபோனோடு இணைத்தால் வாட்சில் செய்திகளைப் படிக்கலாம், பதில் அனுப்ப முடியாது. இதில் சிம் இல்லை. போன் அருகில் இருந்தால்தான் அழைப்பு பேசலாம்.

இதயத் துடிப்பும் ஆக்சிஜனும் தோராயமான அளவுகள். பட்டை தளர்ந்தாலும், கை வேகமாக அசைந்தாலும், மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தாலும் பிசகும். அசையாமல் படுத்துப் புத்தகம் படித்தால், தூங்குவதாக எண்ணிக்கொள்ளலாம். இது மருத்துவக் கருவி அல்ல. இது காட்டும் ரத்த அழுத்த எண்ணை நம்ப வேண்டாம். அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.'

முதலாளியம்மா இரண்டு தடவை படித்தார். "ஏத்து" என்றார்.

முதல் சில நாட்கள் ஈயடித்தது. போட்டிக் கடைகளில் விற்பனை பறக்க, இவர்கள் பக்கத்தில் கேள்விகள்தான் வந்தன. 'என் பழைய போனில் வேலை செய்யுமா?' 'அப்பாவுக்கு இதய நோய், இது போதுமா?' ஒவ்வொன்றுக்கும் தானே பதில் எழுதினாள். பழைய போன்காரரிடம் வேண்டாம் என்றாள். அப்பாவுக்காகக் கேட்டவரிடம், நடைக்கு வாங்குங்கள், நோய்க்கு டாக்டரைப் பாருங்கள் என்றாள். டார்கெட் அவள் மேஜையைக் கடக்கும்போதெல்லாம் பெருமூச்சு விட்டார். அவளுக்கும் சோறு இறங்கவில்லைதான். ஆனாலும் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை.

தள்ளுபடி விற்பனை தொடங்கிய காலை, டார்கெட் தலைதெறிக்க ஓடி வந்தார். "நட்சத்திரக்கா! சீக்கிரம் தேடிப் பாருங்க, நம்ம வாட்ச்ச!"

தேடினாள். எப்போதும் ஒரு பெரிய பட்டியல் விரியும் இடத்தில், இவர்கள் கடை மட்டும் நின்றது. அங்கீகாரம் இல்லாமல் மருத்துவக் கருவி என்று சொல்லிக்கொண்ட பக்கங்களை எல்லாம் விற்பனைத் தளம் ஒரேயடியாகத் தூக்கிவிட்டிருந்தது. இவர்களுடைய பக்கத்தில் தொட எதுவுமில்லை.

அப்புறம் கேட்க வேண்டுமா! ஆர்டர்கள் மழைபோல் கொட்டின. பார்சல் கட்டுகிறவர்களுக்கு டேப் தீர்ந்து, பக்கத்துக் கடைக்கு ஓடினார்கள். முதலாளியம்மாவே சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பெட்டி மடித்தார். நடுவில் டார்கெட் நாற்காலிமேல் ஏறி ஒரு வாடிக்கையாளரின் மதிப்புரையை உரக்கப் படித்தார்: "'என்ன வராது என்று முதலிலேயே சொன்ன கடையை இப்போதுதான் பார்க்கிறேன். அதனால்தான் வாங்கினேன். சொன்னதெல்லாம் சரியாக இருக்கிறது.'" கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

விற்பனை முடிந்தபின் பார்த்தால், திரும்பி வந்த பார்சல்களும் சொற்பம். முதலாளியம்மா எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இனிமே ஹெட்போனோ, எடை மெஷினோ, எதுவா இருந்தாலும் இவங்க சரின்னு சொல்லாம ஒரு பக்கமும் ஏறக்கூடாது. நான் சொன்னாலும் சரி."

"நீங்க சொன்னாலுமா மேடம்?" என்றாள் அவள்.

"முக்கியமா நான் சொன்னா ஏறவே கூடாது."

டார்கெட் அதற்குள் அடுத்த சரக்கின் மாதிரியோடு வந்து நின்றார். ஒரு ஃபிட்னஸ் பேண்ட், பெட்டியில் 'மன அழுத்தத்தைத் துல்லியமாக அளக்கும்' என்று தங்க எழுத்து. அதைத் தானே விரலால் மூடிக்கொண்டு, "நீங்க பாத்துட்டுச் சொல்லுங்கக்கா, அப்புறம் நான் வாயத் திறக்கறேன்" என்றார்.

அவள் டிராயரைத் திறந்து போன்களை ஒவ்வொன்றாக மேஜைமேல் அடுக்க ஆரம்பித்தாள்.