உங்கள் கேள்விக்கு நாளை பதில்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு அலாரம் என்று பெயர். வைத்தவன் நான்தான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அலாரம்னா எழுப்பிவிடும். நீ போடுற போஸ்டரைப் பார்த்தா இருக்கிற தூக்கமும் சேர்ந்து வருது" என்று திருப்பிக் கொடுத்தாள். அவளுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து போஸ்டர் செய்பவன் நான். நியாயமாகத்தான் சொன்னாள்.

எங்களுடையது பக்கவாதம் வந்தவர்களுக்கான மறுவாழ்வு நிலையம். கீழே நோயாளிகள், கைப்பிடிக் கம்பிகள், சக்கர நாற்காலிகள். மாடியில் நாங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல், பேச்சு போன நோயாளிகளின் குடும்பத்தாருக்காக எங்கள் பேச்சுப் பயிற்சியாளர் அம்மா இணையத்தில் நேரலையாக ஒரு மணி நேரம் பேசுவார். அந்தக் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது அலாரத்தின் வேலை. சேர்ப்பது மட்டுமல்ல, சேர்ந்தவர்களை வரவைப்பதும்.

இது இரண்டும் வேறு வேறு என்பதை அவளிடம்தான் தெரிந்துகொண்டேன். சமூக ஊடகத்தில் நல்ல பதிவு ஒன்று போட்டால் பெயர் கொடுக்கிறவர்கள் குவிந்துவிடுவார்கள். அன்றைக்கு வருகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அதிர்ஷ்டம். "பேர் கொடுக்கிறப்ப எல்லாருக்கும் சனிக்கிழமை ஃப்ரீயாத்தான் இருக்கும்" என்பாள். பெயர் கொடுத்த கையோடு ஒரு செய்தி போகும், நாட்காட்டியில் குறித்துக்கொள்ளும் இணைப்போடு. கூட்டத்துக்கு முதல் நாள் ஒன்று, ஒரு மணி நேரம் முன்னால் ஒன்று, தொடங்கியதும் ஒன்று. கடைசிச் செய்தியில் வளவளப்பே கிடையாது. "தொடங்கிவிட்டது, வாருங்கள்", கீழே இணைப்பு. பழைய செய்தியைத் தேடிப் பிடித்து நுழைகிற பொறுமை யாருக்கும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். முன்பு மாலையில் நடந்த கூட்டத்தைப் பிற்பகலுக்கு மாற்றியதும் அவள்தான். வராதவர்கள் சிலருக்குத் தானே போன் போட்டுக் கேட்டிருக்கிறாள். மாலையில் நோயாளியைக் குளிப்பாட்டி, உணவு கொடுத்து, படுக்கவைக்கவே நேரம் சரியாகிவிடுகிறதாம்.

வீட்டிலும் அப்படித்தான். மகளிடம் புத்தகத்தை எடுத்து வைக்கச் சொன்னால், "அம்மா, இது மூணாவது ரிமைண்டர், இனிமே ஸ்பாம்ல போயிடும்" என்று பதில் வருமாம். சொல்லிச் சிரிப்பாள்.

இந்தக் கூட்டத்தில் அவளுக்கு அப்படி என்ன பிடிப்பு என்று ஒருமுறை கேட்டேன். அவள் அண்ணனுக்கு இதே நோய் வந்து பேச்சு போயிருக்கிறது. அவருக்குக் காது கேட்கவில்லை என்பதுபோல வீடே அவர் முகத்துக்கு நேரே நின்று கத்தியிருக்கிறது. "காது நல்லாத்தான் இருந்துச்சு. அது எங்களுக்குத் தெரியலை. சொல்ல ஆளும் இல்லை. கத்திக் கத்தியே அனுப்பி வெச்சுட்டோம்" என்றாள்.

போன வருடம் நிர்வாகி மாடிக்கு வந்து அவள் மேசையில் சாய்ந்து நின்றார். கெட்டவர் இல்லை. எல்லாவற்றையும் சதவீதத்தில் பார்க்கிறவர், அவ்வளவுதான்.

"பேர் கொடுக்கிறவங்கள்ல பாதிப் பேராவது வரணும்மா. வரலைன்னா நேரலை எதுக்கு? ரெக்கார்ட் பண்ணி வீடியோவாப் போட்டுடலாம். அந்த நேரத்துல பயிற்சியாளர் கூட ரெண்டு நோயாளியைப் பார்ப்பாங்க. அடுத்த மாசம் பார்த்துட்டு முடிவு பண்ணிடலாம்."

"சார், வீடியோகிட்ட கேள்வி கேட்க முடியாதே" என்றாள்.

"அப்ப ஆளை வரவைங்க."

அந்த மாதம் அவள் உழைத்த உழைப்பைக் கண்ணால் பார்த்தேன். பயிற்சியாளர் அம்மாவின் பழைய பேச்சிலிருந்து சின்னத் துண்டுகளை வெட்டி, சத்தம் இல்லாமல் பார்க்கிறவர்களுக்காக அடியில் எழுத்துப் போட்டு, பதிவுக்கு ஒரு கேள்வி என்று ஏற்றினாள். என் போஸ்டரை மூன்று தடவை திருப்பி அனுப்பினாள். பெயர் கொடுப்பவர்கள் ஏறிக்கொண்டே போனார்கள். அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. நூறு பேர் பெயர் கொடுத்து முப்பது பேர் வந்தாலும் தோல்விதான், இருநூறு பேர் கொடுத்து அறுபது பேர் வந்தாலும் அதே தோல்விதான்.

அவளிடம் ஒரு வழி இருந்தது. பெயர் கொடுக்கும்போதே "என்ன கேட்க விரும்புகிறீர்கள்?" என்று ஒரு கட்டம் வைத்திருந்தாள். அதிலிருந்து பயிற்சியாளர் அம்மா ஐந்தாறு கேள்விகளைத் தேர்ந்தெடுப்பார். அவற்றைக் கேட்டவர்களுக்கு மட்டும் முதல் நாள் தனியாக ஒரு செய்தி போகும்: "உங்கள் கேள்விக்கு நாளை பதில் சொல்கிறோம்." அந்தச் செய்தி போனவர்கள் ஒருமுறைகூட வராமல் இருந்ததில்லை. குடும்பத்தோடு வந்து உட்காருவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை, அதே செய்தியை, கேள்வி எழுதிய அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டாள்.

தவறிப்போய் இல்லை. தெரிந்தேதான். அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னாள்: "எப்படியும் முக்கால்வாசிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருப்பாங்க. ஒருத்தருக்குச் சொன்னா பத்துப் பேருக்குச் சொன்ன மாதிரி." முகம் மட்டும் அதை நம்பவில்லை.

சனிக்கிழமை கூட்டம் பொங்கி வழிந்தது. பாதி என்ன, முக்கால்வாசிக்கு மேல் வந்துவிட்டார்கள். நிர்வாகியே வந்து எங்கள் பின்னால் நின்றுகொண்டார். அரட்டைப் பகுதியில் வணக்கங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒருவர் எழுதியிருந்தார்: "அப்பாவுக்குச் சட்டை மாற்றி என் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன். அவரும் பதிலைக் கேட்கட்டும்." அவருடைய கேள்வி அலாரத்துக்கு மனப்பாடம். அப்பா எல்லாரையும் "இவனே" என்றுதான் கூப்பிடுகிறார், என் பெயர் இனி அவர் வாயில் வருமா என்று கேட்டிருந்தார்.

அது தேர்ந்தெடுத்த ஐந்தாறில் இல்லை.

பயிற்சியாளர் அம்மா வழக்கம்போல நிதானமாகப் பேசினார். தேர்ந்தெடுத்த கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அதன்பின் அரட்டைப் பகுதியில் வேறு மாதிரி வரிகள் வரத் தொடங்கின. என் கேள்வி எப்போது? எனக்குப் பதில் உண்டு என்று செய்தி வந்ததே? அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னும் நாலைந்துக்கு அவசரமாகப் பதில் சொன்னார். கீழே நோயாளி காத்திருந்தார். "மன்னிச்சுக்குங்க, நேரமாயிடுச்சு" என்று கும்பிட்டார். சட்டை மாற்றிய அப்பாவின் மகன் கடைசி வரை இருந்தார். கடைசியாக அவர் எழுதியது, "அப்பா இன்னும் உட்கார்ந்திருக்கிறார்."

நிர்வாகி கைதட்டினார். எல்லாருக்கும் தேநீர் சொன்னார். "பார்த்தீங்களா, முடியும்னு நெனச்சா முடியும்!" அலாரம் தேநீரைத் தொடவில்லை. திடீரென்று எழுந்து கணினியைப் பிடித்தாள். பின்தொடர் செய்தியை நிறுத்த மறந்திருந்தாள். கூட்டம் முடிந்ததும் வந்தவர்களுக்கு ஒன்று, வராதவர்களுக்கு ஒன்று என்று தானாகவே போய்விடும் செய்தி அது. வந்தவர்களுக்கானது ஏற்கெனவே போய்விட்டிருந்தது: "கலந்துகொண்டதற்கு நன்றி! உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்ததா?"

அந்த மகனிடமிருந்து ஒரே சொல் வந்தது. "இல்லை." அடுத்து, இனி எனக்குச் செய்தி அனுப்ப வேண்டாம் என்ற பொத்தானை அழுத்தியிருந்தார்.

அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. "உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று கேட்டேவிட்டேன். அவள் படியிறங்கிப் போய்ப் பயிற்சியாளர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"எனக்குத் தெரியாம என் பேர்ல வாக்குக் கொடுத்திருக்கே. முடியாதவங்க வீடு அது ஒவ்வொண்ணும். என்ன நெனச்சுட்டிருந்தே?" என்று அவர் கேட்டது படிக்கட்டு வரை கேட்டது. ஆனால் பெரிய மனுஷி. மறுநாளிலிருந்தே, ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில் கிடைக்கிற சின்ன இடைவெளிகளில், விடுபட்ட கேள்வி ஒவ்வொன்றுக்கும் போனில் வீடியோவாகப் பதிவு செய்து பதில் சொல்ல ஆரம்பித்தார். இவள் அதை அவரவருக்குத் தனித்தனியாக அனுப்பினாள். வாரக்கணக்கில் நடந்தது. சிலர் நன்றி எழுதினார்கள். பலர் திறந்தே பார்க்கவில்லை.

அந்த மகனுக்கான பதிலும் வந்தது. ஒரு நிமிடம்கூட இல்லை. "பேர் வரலாம், வராமலும் போகலாம், என்னால உறுதி சொல்ல முடியாது. பேர்தான் ரொம்பக் கஷ்டம். ஆனா பேர் வரலைங்கிறதுக்காக ஆளைத் தெரியலைன்னு நெனச்சுடாதீங்க. சொல்லு, நான் யாருன்னு பரீட்சை வைக்காதீங்க. உள்ளே வர்றப்ப நீங்களே உங்க பேரைச் சொல்லிட்டு உட்காருங்க. உங்க முகத்தைப் பார்த்து அவர் சிரிக்கிறார்னா, அவருக்கு உங்களைத் தெரியுது."

அதை அனுப்ப வழியில்லை.

"உன் சொந்த போன்லேருந்து கூப்பிட்டுச் சொல்லிடேன்" என்றேன்.

"வேண்டாம்னு சொல்லிட்டாரு. அதுக்கப்புறமும் கூப்பிட்டா அது தொல்லை. ஏற்கெனவே ஒரு தடவை பொய் சொல்லி அவரை உட்கார வெச்சாச்சு" என்றாள்.

கடைசியில், கேட்டவர் யார் என்று தெரியாதபடி, அந்தப் பதிலை எங்கள் நிலையத்தின் சமூக ஊடகப் பக்கத்தில் பொதுப்பதிவாகப் போட்டாள். எங்கேயாவது அவர் கண்ணில் படட்டும் என்று. அடுத்த கூட்டத்துக்கான அழைப்பைக்கூட அதன் கீழே சேர்க்கவில்லை. நிர்வாகிக்கு அது தனி வருத்தம். ஏனென்றால் எங்கள் பதிவுகளிலேயே அதிகமாகப் பரவியது அதுதான். எங்கெங்கோ இருப்பவர்கள் பகிர்ந்தார்கள். அவள் ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் இல்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் எக்கச்சக்கம். வந்தவர்களை இரண்டு கை விரல்களில் அடக்கிவிடலாம். முன்பு தவறாமல் வந்துகொண்டிருந்தவர்கள்கூட வரவில்லை. முதல் நாள் செய்தியில் என்ன எழுதினாலும் அவர்கள் இனி நம்பப்போவதில்லை. நிர்வாகி அதிகம் பேசவில்லை. "சரிம்மா, வீடியோவாவே போட்டுடலாம்" என்றார்.

வீடியோக்கள் வரத் தொடங்கிய பிறகு ஒரு காலை, அந்தப் பழைய பொதுப்பதிவின் கீழே புதிதாக ஒரு கருத்து வந்திருந்தது. பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன்.

"அப்பா போன வாரம் போயிட்டார். சொந்தக்காரங்க யாரோ இதை இப்பத்தான் அனுப்பினாங்க. என்னைப் பார்க்கிறப்பெல்லாம் சிரிப்பார். கடைசி வரைக்கும் அடையாளம் தெரியாமத்தான் சிரிக்கிறார்னு நெனச்சுட்டிருந்தேன். ஒரு நிமிஷம்தானே. இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

வருகிற கருத்துகளுக்கு அன்றைக்கே நிலையத்தின் பெயரில் பதில் போட வேண்டும் என்பது அவளே வைத்த விதி. ஆறுதல் சொல்வதற்கென்று அவளே எழுதி வைத்த வரிகளும் உண்டு. அதில் ஒன்றை எடுத்து ஒட்டினாள், அழித்தாள். பிறகு நிலையத்தின் கணக்கிலிருந்து வெளியே வந்து, தன் சொந்தக் கணக்கில், தன் பெயரோடு எழுதினாள்: "அந்தச் செய்தியை அனுப்பியவள் நான்தான். உங்கள் கேள்வி அன்றைய வரிசையில் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அனுப்பினேன்." மன்னிப்பு என்ற சொல்லை எழுதப் போய் நிறுத்திக்கொண்டாள். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

இப்போதும் காலையில் கணினியைத் திறந்ததும் முதலில் அந்தப் பதிவுக்குத்தான் போகிறாள். அவர் எதுவும் எழுதவில்லை. பார்த்துவிட்டு மூடுகிறாள், அன்றைய வீடியோவை ஏற்றுகிறாள். அலாரம் என்று கூப்பிடுவதை நான் விட்டுவிட்டேன்.