கொக்கி மாட்டும் இடம்

பாதுகாப்பு மேற்பார்வையாளர்: ஆண். இயந்திரவியல் டிப்ளமோ. உயரத்தில் ஏறிப் பழகியவர். உரத்த குரலும் கண்டிப்பும் உடையவர்.

ஒப்பந்தக் கம்பெனியின் கோப்பில் இப்படி ஒரு பதவி இருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவள் சங்கரி. பி.ஏ. வரலாறு. மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதுகூடக் கைப்பிடிச் சுவரிலிருந்து நான்கடி தள்ளியே நிற்பாள். அவள் குரல் பக்கத்து மேசையைத் தாண்டாது. தமிழில் டைப் அடிக்கத் தெரியும் என்று சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பதவியில் முன்னால் இருந்தவர் துபாய்க்குப் போனதும் அவருடைய ரப்பர் ஸ்டாம்பையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டாயிரத்து நாலு, ஐப்பசி பிறக்கப்போகிற சமயம். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஷெட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஒழுகியது. மழைக்கு முன் உடைந்த ஷீட்டை மாற்ற வேண்டும். எஞ்சினியர் ஜெபகுமார் ஆபத்து ஆய்வு ஒன்றை ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். ஷிப்டு தொடங்குமுன் ஆட்களுக்குப் படித்துக் காட்ட, அதை ஒரே அட்டைக்குள் தமிழில் சுருக்குவது சங்கரியின் வேலை. அவளோ அவளுக்கு மேலிருப்பவரோ கையெழுத்துப் போடாமல் ஏணி வைக்கக் கூடாது என்பது தொழிற்சாலைக்காரர்களின் விதி.

மூன்று கட்டம் போட்டாள்: படி, ஆபத்து, தடுப்பு. முதல் படி ஏணி ஏறுவது. ஏணி சறுக்கும். மேல்முனையைக் கட்டு, அடியை ஒருவர் பிடிக்கட்டும். இரண்டாவது கூரைமேல் நடப்பது. ஷீட் உடைந்து ஆள் உள்ளே விழுவான். நடைப்பலகை போட்டு அதன்மேல் மட்டும் நட, பாதுகாப்பு பெல்ட் அணி. மூன்றாவது பழைய ஷீட்டை இறக்குவது. கீழே நிற்பவன் தலையில் விழும். கீழே சுற்றிலும் கயிறு கட்டி ஆளை விலக்கு.

‘பெல்ட் அணி’ என்பதில் விரல் நின்றது. அணிந்து? ஆய்வைப் புரட்டினாள். அங்கும் அணியச் சொல்லியிருந்ததே தவிர, அதன் கொக்கியை எதில் மாட்டுவது என்றில்லை.

கூரைக்காரர்களின் மேஸ்திரி கண்ணாயிரத்திடம் போய்க் கேட்டாள். அவர் பெல்ட் போட்டுத்தான் இருந்தார். அதிலிருந்து வரும் கயிற்றின் கொக்கி, சுற்றி வந்து அதே பெல்ட்டின் வளையத்தில் மாட்டியிருந்தது.

“இன்னாம்மா கேக்குற? இடுப்புலதான் மாட்டிக்கினு கீறோமே. ஆபீசர் வந்தா தெரியணுமில்ல.”

“விழுந்தா?”

“விழுந்தா பெல்ட்டோட விழுவோம்.” ஆட்கள் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் அவளுக்கே பிடிக்கவில்லை.

ஜெபகுமாரிடம் சொன்னாள். அந்த ஆய்வு முந்தைய வேலையிலிருந்து எடுத்தது, அங்கே கொக்கி மாட்டக் கூரைச் சட்டத்தை ஒட்டியே இரும்புக் கயிறு ஓடியது என்று அவர் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். ‘தேவைக்கேற்ப’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும் என்றும் வழி சொன்னார். தளப் பொறுப்பாளர் தமிழ்வாணன் அந்த ஒரு சொல்லைக்கூட வேண்டாமென்றார். மழை வந்தால் பில் நிற்கும். அவளுடைய ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறதென்பதையும், வீட்டுக்காரர் வேலை பார்த்த ஆலை மூடிக் கிடப்பதையும் அவர் அன்போடு விசாரித்தார். அன்போடு விசாரித்ததுதான் பயமாக இருந்தது.

கையெழுத்துப் போட்டால், நாளைக்கு ஒருவன் விழுந்தால், ‘எச்சரித்தோம், படித்துக் காட்டினோம்’ என்று நீட்டப்போவது அவள் அட்டையைத்தான். போடாவிட்டால் வேலை போகும். அடுத்து வருகிறவர் போடுவார். வெளியேற இரண்டு கதவு, இரண்டும் ஒரே சுவரில் போய் முட்டின.

காலையில் ஆட்கள் ஷெட்டுக்குள் கூடினார்கள். வழக்கப்படி எல்லோரும் கேட்பதற்கு முன்பே வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்கள். சங்கரி படித்தாள். முதல் படியில் யாரோ ஒருவன் கொட்டாவி விட்டான். இரண்டாவது படியில் நிறுத்தினாள்.

“கண்ணாயிரம் அண்ணே, மேலே கொக்கியை எதில மாட்டுவீங்கன்னு இங்கேயிருந்தே கையைக் காட்டுங்க.”

அவர் அண்ணாந்து பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். ஓட்டை வழியாக வானம்தான் தெரிந்தது.

“அதுக்கு ஒண்ணும் இல்லம்மா,” என்றார் அவர், இந்த முறை சிரிக்காமல். பிறகு, கொஞ்சம் எரிச்சலோடு, “அதுக்காக வேலைய நிறுத்திடாத. எங்களுக்கு இன்னிக்கு கூலி போயிடும்.”

தமிழ்வாணன் பின்னாலிருந்து கையெழுத்தைப் போடச் சொன்னார். அவள் பேனாவை அவரிடமே நீட்டினாள். அவர் போட்டாலும் செல்லும் என்றாள். அவர் பேனாவைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், அவசரமாக யாருக்கோ போன் செய்ய வெளியே போனார்.

ஆட்கள் அவளைத்தான் முறைத்தார்கள். அவளுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் இடமில்லை.

சங்கரி அட்டையின் இரண்டாம் படிக்கு நேரே ‘பெல்ட் அணி’ என்பதைக் கோடிட்டு அடித்துவிட்டு, ‘மாட்ட இடமில்லை; இரும்புக் கயிறு கட்டும்வரை யாரும் கூரையில் ஏறக் கூடாது’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.