கோட்டுக்கு இருபதா, இருபத்தைந்தா

அந்த வருஷம் எங்கள் கரிசலில் மக்காச்சோளம் மணி பிடிக்காமல் காய்ந்து நின்றது. குருவிகுளம் பக்கத்தில் கண்ணுள்ளவன் எவனும் பஸ் ஜன்னலிலிருந்தே பார்த்திருக்கலாம். ஆனால் மழை குறைந்த வட்டாரங்களின் பட்டியல் வந்தபோது எங்கள் வட்டாரம் அதில் இல்லை. பட்டியலில் இருந்தால் கால்நடைக்குத் தீவனம் கொடுப்பார்கள். என் வீட்டில் இரண்டு பசுக்கள், வைக்கோலோ நாலு நாளைக்குத்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் காலைச் சாப்பாடு கூட இறங்கவில்லை. நேராகச் சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏறினேன்.

மழைக் கணக்கு அனுப்பும் அலுவலகத்தில் இருந்த உதவியாளர் என்னைவிட இருபது வயது இளையவர். கோபப்படாமல் பேசினார், அதுவே என் கோபத்தை ஏற்றியது.

"அண்ணாச்சி, வருஷத்துக்கு அறுநூறு மில்லிமீட்டர் பெய்ஞ்சிருக்கு. இயல்பு அறுநூத்தி நாப்பது. ஆறு சதவீதந்தான் குறைவு. இருபது சதவீதமாவது குறைஞ்சாத்தான் பட்டியலுக்குப் போவும்."

"அறுநூறா? எங்க பெய்ஞ்சுது? உம்ம வீட்டு மாடியிலயா?"

அவர் போனை எடுத்துக் காட்டினார். மழைமானி இருக்கும் இடத்தின் சுவரில் மாதாமாதம் மழையைப் பட்டை பட்டையாக வரைந்து மாட்டியிருப்பார்கள். பதிவேடு மேலிடத்துக்குப் போயிருந்ததால், அறிக்கை கொடுக்கும் அவசரத்தில் அந்தப் படத்தை போட்டோ எடுத்து வந்திருக்கிறார். பன்னிரண்டு மாதமும் தெளிவாக இருந்தன. ஆனால் இடது ஓரத்தில் அளவு எழுதிய எண்கள் போட்டோவுக்குள் விழவே இல்லை. குறுக்குக் கோடுகள் மட்டும் இருந்தன.

"ஒரு கோட்டுக்கு எத்தனை?"

"இருபத்தஞ்சு. எங்க ஆபீஸ் சார்ட்டுல எப்பவும் அப்படித்தான் போடுவோம்."

எப்பவும் போடுவார்களாம்! யார் சுவரில் யார் போட்ட படம் என்று கேட்க ஒரு ஆள் இல்லை. நான் அவர் மேஜையிலிருந்த காகிதத்தை இழுத்து, ஒவ்வொரு பட்டையும் எத்தனை கோடு உயரம் என்று எழுதினேன். ஜனவரி ஒன்று. பிப்ரவரியில் ஒன்றுமில்லை. மார்ச் ஒன்று, ஏப்ரல் இரண்டரை, மே இரண்டு. ஜூனும் ஜூலையும் அரையரை. ஆகஸ்ட் இரண்டு, செப்டம்பர் இரண்டு, அக்டோபர் ஐந்து, நவம்பர் ஆறு, டிசம்பர் ஒன்றரை. கூட்டினால் இருபத்து நாலு கோடு. இருபத்தைந்தால் பெருக்கினால் அறுநூறு. அவர் கூட்டலில் பிழையில்லை என்பது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்கு போன் போட்டேன். என் மனைவி காலண்டரில் சிலிண்டர் வந்த நாளைக் குறிப்பது போலவே, பேப்பரில் வரும் எங்கள் மழைமானிக் கணக்கையும் குறிப்பாள். விதைக்கலாமா வேண்டாமா என்பதை அதை வைத்துத்தான் பேசுவோம்.

"ஆகஸ்ட்டுல எவ்வளவு எழுதியிருக்க? பாத்துச் சொல்லு."

"ஒரே ஒரு நாள்தான பெய்ஞ்சுது. நாப்பது மில்லி."

போனை வைத்துவிட்டு ஆகஸ்ட் பட்டையில் விரலை வைத்தேன். "நாப்பது மில்லி, ரெண்டு கோடு. அப்ப ஒரு கோடு எத்தனவே?"

அவர் உடனே மழைமானிக்காரருக்கு போன் அடித்து, சுவரைப் பார்த்து எண்களை வாசிக்கச் சொன்னார். ஸ்பீக்கரில் கேட்டது: இருபது, நாற்பது, அறுபது.

இருபத்து நாலை இருபதால் பெருக்கினேன். நானூற்று எண்பது. இயல்பான அறுநூற்று நாற்பதுக்கு நூற்று அறுபது குறைவு. நூற்று அறுபதை அறுநூற்று நாற்பதால் வகுத்தால் கால் பங்கு. இருபத்தைந்து சதவீதம் குறைவு!

"தப்பு நடந்துட்டு அண்ணாச்சி. இன்னைக்கே திருத்தி அனுப்புதேன்" என்றார். உண்மையாகவே அனுப்பினார், என் கண் முன்னால். ஆனால் திருத்தம் ஒவ்வொரு மேஜையாக உட்கார்ந்து எழுந்து போக மூன்று வாரம் ஆனது. தப்பான அறிக்கை ஒரே சாயங்காலத்தில் போய்ச் சேர்ந்ததே, சரியான அறிக்கைக்கு மட்டும் காலில் என்ன ஆணியா? வைக்கோல் தீர்ந்தது. கடனாகக் கேட்க ஊரில் யாரிடமும் ஒரு கட்டுகூட இல்லை. இரண்டாவது வாரம் சினைப்பசுவைச் சந்தைக்கு ஓட்டிப் போனேன். எலும்பு தெரிகிறது என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். கொடுத்தேன்.

பட்டியலில் எங்கள் வட்டாரமும் சேர்ந்து, தீவனம் வந்தபோது, அதே உதவியாளர்தான் உட்கார்ந்து பெயர் பதிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க அண்ணாச்சி. நீங்க கொடுத்த தீவன மனுவுல ரெண்டு மாடுன்னு இருக்கு. ரெண்டுக்குப் போடுதேன்."

"ஒண்ணுக்குப் போடும்" என்றேன். "நீரு கோட்டை எண்ணி முடிக்கதுக்குள்ள ஒண்ணு போயிட்டு."