பத்துப் பேரும் ஒத்துக்கொண்ட பத்தி

எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த என் அக்கா, ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் சமையலறைத் தரையில் பத்து ஆங்கில ஆய்வுச் சுருக்கங்களைப் பரப்பி வைத்து, தன் ஆய்வேட்டுக்காக அவற்றை ஒரே தமிழ்ப் பத்தியாக்கினாள். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு வீட்டில் மதிப்பு கூடுகிறது என்று ஏழு பேர் எழுதியிருந்தார்கள். மற்ற மூவர், சுமைதான் கூடுகிறது என்றார்கள். இந்த முரண்பாட்டைத்தான் ஆராயப்போகிறேன் என்று பத்தியை முடித்திருந்தாள்.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் அந்த மூவரைப் பற்றிய வரிகளையும் முரண்பாடு என்ற வரியையும் அடித்துவிட்டார். "பத்துப் பேரோட பெயரும் இருக்கட்டும்மா. எல்லாரும் ஒரே கருத்துன்னு எழுது, வம்பு வேணாம்" என்றாராம்.

பத்தாவது தாண்டாத எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாக்கா இது? இல்லன்னு சொன்னவன் வாயில ஆமான்னு போடுறாரு! கள்ள ஓட்டு போடுறவனுக்குக்கூட கொஞ்சம் கூச்சம் கீதுக்கா!"

"சும்மா கீறியாடா? எல்லாரும் ஒத்துக்கினா, அப்புறம் நான் இன்னாத்துக்கு ஆராய்ச்சி பண்ணணும்?" என்று அவர்மேல் இருந்த கோபத்தில் என்மேல் பாய்ந்தாள்.

மறுநாள் அந்த மூவரையும் பத்தியின் தொடக்கத்திலேயே வைத்து எழுதிக் கொண்டுபோனாள். பேராசிரியர் அதில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அவளுக்கு வேறு வழிகாட்டி கிடைப்பதற்குள் ஒரு செமஸ்டர் போய்விட்டது. அந்த மனிதர்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.