கடைசித் தவணைக்குப் பிறகும் ஒரு மாதம்

அந்த முடிதிருத்துபவருக்கு ஊர் வைத்த பெயர் 'எதுக்கு'. வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான் முதலில் விழும். மருந்துக்கடைக்காரர் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். மாத்திரைக்கு நடுவில் கோடு எதுக்கு என்று இவர் கேட்பார். பதில் வரும்வரை கத்தரி நகராது. பெண் பார்க்க வந்த அன்றே, "எதுக்கு எனக்குப் பொண்ணு குடுக்கறீங்க?" என்று மாமனாரைக் கேட்ட ஆள் என்று அவர் வீட்டுக்காரி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

கேள்விக்குப் பஞ்சமில்லை. நல்ல நாற்காலிக்குத்தான் பஞ்சம். கடையில் கிடந்தது ஒரு மர நாற்காலி. நெட்டையான ஆள் உட்கார்ந்தால் இவர் நுனிக்காலில் நிற்க வேண்டும், குட்டையான ஆள் என்றால் வளைய வேண்டும். முதுகு ஒருவழியாகிவிட்டது. மிதித்தால் ஏறி இறங்கும் நாற்காலி ஒன்று வாங்கியே தீருவது என்று வங்கியில் ஆர்.டி. போட்டார். இருபத்துநாலு மாதக் கணக்கு. ஏப்ரல் ஐந்தாம் தேதி கணக்கைத் தொடங்கி, அன்றைக்கே முதல் தவணையையும் கட்டினார். அதன்பின் மாதாமாதம் ஐந்தாம் தேதி தவறியதில்லை. கட்டிவிட்டு வந்ததும் கண்ணாடிச் சட்டத்தின் பின்னால் ஒரு கீறல் போடுவார்.

இதற்குள் மூலைக்கடை சலூன்காரர் கடையை மூடிவிட்டு மகள் ஊருக்குப் போகப்போகிறார் என்று தெரிந்தது. அவரிடம் இருந்த ஒரே நாற்காலி இவர் கனவில் கண்ட அதே நாற்காலி. விலை படிந்தது. மார்ச் ஐந்து சாயங்காலம் பணம் தருவதாக இவர் வாக்குக் கொடுத்தார். தராவிட்டால் நாற்காலி வேறொருவருக்குப் போய்விடும் என்று அவரும் சொல்லிவைத்தார்.

மார்ச் ஐந்தும் வந்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய் இருபத்துநாலாவது தவணையைக் கட்டினார். கட்டிய கையோடு, முழுப் பணத்தையும் கொடுங்கள் என்று நின்றார். கவுன்டரில் இருந்த அம்மாள் அவருடைய ரசீதைத் திருப்பிக் காட்டினாள். முதிர்வு தேதி ஏப்ரல் ஐந்து என்று முதல் நாளிலிருந்தே அதில் இருந்தது. இவர் தன் கீறலைத்தான் எண்ணினாரே தவிர அதை ஒருநாளும் பார்க்கவில்லை.

"எல்லாத் தவணையும் கட்டியாச்சே. இன்னும் ஒரு மாசம் எதுக்கு?"

"முதல் தவணை கட்டின தேதியிலேருந்து இருபத்துநாலு மாசம் முடியணும்ங்க. இன்னைக்கு இருபத்துமூணுதான் முடிஞ்சிருக்கு."

இன்றைக்கே கணக்கை முடித்துக்கொள்ளலாம், ஆனால் வட்டி குறைந்துவிடும் என்றும் சொன்னாள். அந்த வட்டியும் சேர்ந்தால்தான் நாற்காலி விலை. இவருக்குக் கோபம் வரவில்லை, குடைச்சல்தான் வந்தது. இருபத்துநாலு கட்டியாயிற்று, இருபத்துமூன்றுதான் முடிந்தது என்றால் நடுவே ஒரு மாதம் எங்கே போயிற்று? வழிநெடுக விரலை மடக்கினார், நிமிர்த்தினார். கணக்குப் பிடிபடவில்லை.

மூலைக்கடைக்கு வெறுங்கையோடு போனார். விஷயத்தைக் கேட்டதும் சலூன்காரர் முகம் சுருங்கிவிட்டது. அவருக்கு ஏற்கெனவே மனக்கசப்பு. அன்று காலையில்தான் கட்டடக்காரருக்குக் கடைசி வாடகை கொடுத்ததாகச் சொல்லிப் புலம்பினார்.

"கடைசி வாடகையா? அப்ப இன்னைக்கே காலி பண்றீங்களா அண்ணே?" என்று இவர் கேட்டார்.

"எதுக்குக் காலி பண்ணணும்? குடுத்த காசுக்கு அடுத்த அஞ்சாம் தேதி வரைக்கும் கடை என்னோடதுய்யா."

இவர் மறுபடி விரலை மடக்கி எண்ணினார். பிறகு, மெதுவாகச் சிரிப்பு வந்தது.

"முத மாச வாடகைய உள்ள நுழையறப்பவே குடுத்திருப்பீங்க. அதான் கடைசி வாடகைய குடுத்தப்புறமும் ஒரு மாசம் மிச்சம் இருக்கு. என் பணமும் அப்படித்தான் அண்ணே. கடைசியா போனது இன்னைக்குத்தானே உள்ள போயிருக்கு, அதுவும் ஒரு மாசம் குடியிருக்க வேணாமா?"

"அதுக்கு நான் என்னய்யா பண்றது? நாற்காலிய கேட்ட இன்னொரு ஆளு நாளைக்கே பணத்தோட வந்து நாற்காலிய தூக்கிட்டுப் போறேங்கறான்."

"தூக்கிட்டா, அடுத்த அஞ்சாம் தேதி வரைக்கும் வர்றவங்கள எங்க உக்கார வெப்பீங்க? உங்க மடியிலயா?"

சலூன்காரர் நாற்காலியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். வாடகை கொடுத்த கடையை ஒரு மாதம் சும்மா போடுவதா என்று அவருக்கும் உறுத்தியது. இவர் பையில் இருந்த அன்றைய வருமானத்தை எடுத்து முன்பணமாக நீட்டினார். அவர் முனகிக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் ஐந்தாம் தேதி ஆர்.டி. பணம் வட்டியோடு இவர் சேமிப்புக் கணக்கில் விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு மூலைக்கடைக்குப் போனபோது, சலூன்காரர் சாவியைக் கட்டடக்காரரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். இவரும் சலூன்காரருமாக நாற்காலியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இவர் கடையில் இறக்கினார்கள்.

அதில் முதலில் சலூன்காரரையே உட்காரவைத்தார். மிதித்தார், நாற்காலி ஏறியது. விட்டார், புஸ்ஸென்று இறங்கியது. கத்தரியைக் கையில் எடுத்தவர் அதைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து அடியில் பார்த்தார்.

"அண்ணே, இறங்கறப்ப மட்டும் இது எதுக்குப் பெருமூச்சு விடுது?"