ஒரு நாளைக்குப் பதினான்கு கிரகணம்

தொண்ணூற்றொன்றில் நான் ஸ்ரீபெரும்புதூருக்கு வெளியே, ஒரகடம் போகும் சாலையில் இருந்த ஒரு சின்ன பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். அந்த வருடம் ஊர்ப் பெயரைச் சொன்னாலே எல்லோரும் அந்த மே மாதத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். எங்கள் கூடத்துக்குள் என்ன நடக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி இறக்குகிறோம், இறக்கி ஏற்றுகிறோம் என்பதைத் தவிர வேறு பதில் இருந்திருக்காது.

செயற்கைக்கோளில் போகும் பேட்டரி. பூமிக்கு அருகில் சுற்றும் கோள் ஒரு சுற்றை ஏறக்குறைய நூறு நிமிடத்தில் முடித்துவிடும். அதில் முப்பத்தைந்து நிமிடம் வரை பூமியின் நிழலுக்குள் போகும். நிழலில் சூரியத் தகடுகள் சும்மா இருக்கும், பேட்டரிதான் எல்லாவற்றையும் ஓட்ட வேண்டும். வெளிச்சத்துக்கு வந்ததும் செலவானதை அறுபத்தைந்து நிமிடத்துக்குள் திரும்ப ஏற்றிவிட வேண்டும், ஏனென்றால் அடுத்த நிழல் காத்திருக்கிறது. ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை. ஒரு வருடத்தில் ஐயாயிரத்துக்கும் மேல். நாங்கள் ஒவ்வொரு நிழலையும் கிரகணம் என்றுதான் பதிவேட்டில் எழுதுவோம். வீட்டில் கிரகணம் என்றால் சாப்பிடாதே என்பார்கள். நான் தினம் ஏதோ ஒரு கிரகணத்துக்கு நடுவில்தான் டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

இருபத்திரண்டு நிக்கல் காட்மியம் செல்களை வரிசையாகக் கோத்து, பத்து டிகிரிக் குளிரறையில் வைத்திருந்தோம். முப்பத்தைந்து நிமிடம் இறக்கம், அறுபத்தைந்து நிமிடம் ஏற்றம். இயந்திரமே மாற்றிக்கொள்ளும். பேனா முள் காகிதச் சுருளில் சின்னச் சின்ன அலையாக வரைந்துகொண்டே போகும். முதல் எட்டு மாதம் ஒரே அலை.

ஒவ்வொரு கிரகணத்திலும் பேட்டரியின் ஐந்தில் ஒரு பங்கைத்தான் எடுத்தோம். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் இதில்தான் தடுக்கி விழுவார்கள். மேலே அனுப்பும் ஒவ்வொரு கிராமுக்கும் அழுகிறீர்கள், பிறகு ஏன் தேவையைப் போல ஐந்து மடங்கு பெரிய பேட்டரியைச் சுமக்கிறீர்கள் என்பார்கள். செல்லுக்குள் இருக்கும் தகடு ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் கொஞ்சம் உப்பும், கொஞ்சம் சுருங்கும். ஆழமாக இறக்கினால் அதிகம் உப்பி அதிகம் சுருங்கும், சில ஆயிரம் தடவையில் உதிர ஆரம்பிக்கும். மேலோட்டமாக எடுத்தால் பல ஆயிரம் தடவை தாங்கும். அங்கே போய் மாற்ற ஆள் இல்லை. அதனால்தான் பெரிய பேட்டரி, சின்ன வாய். மிக உயரத்தில், ஒரே இடத்தில் நிற்பதுபோல் சுற்றும் கோள்களின் கதை வேறு. அவற்றுக்கு வருடத்தில் இரண்டு பருவத்தில்தான் கிரகணம், மொத்தம் தொண்ணூறு தடவை போல. அவை ஆழமாகவே குடிக்கலாம்.

என்னோடு வேலை பார்த்த டெக்னீஷியன் பிள்ளைப்பாக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது பெரியவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மேடம் என்பார். இதற்கு முன்னால் சுங்குவார்சத்திரத்தில் வாக்கி டாக்கி சரிசெய்யும் கடையில் இருந்தவர். வேலை சுத்தம். நான் இரண்டு தரம் பார்த்தும் கண்டுபிடிக்காத தளர்ந்த ஸ்க்ரூவை அவர் விரலால் தடவியே சொல்லிவிடுவார். இரண்டு வருடம் தற்காலிகமாக இருந்தவருக்கு அடுத்த மாதம் பர்மனென்ட் ஆகும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். இந்தப் பரிசோதனை ஓடுகிற வரைக்கும்தான் எங்கள் கூடமும் ஓடும், அதனால் அந்தப் பர்மனென்ட் இருபத்திரண்டு செல்களின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. அது அவருக்கும் தெரியும்.

ஒன்பதாம் மாதத்திலிருந்து அலையின் அடிப்பகுதி இறங்க ஆரம்பித்தது. அதாவது, ஒவ்வொரு கிரகணத்தின் முடிவிலும் வோல்டேஜ் முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தது. ஒரே அளவுக்கு மட்டும் எடுத்து எடுத்துப் பழக்கினால் இந்த வகை செல் அப்படித்தான் சோம்பும். அதற்கென்று ஒரு சிவப்புக் கோடு உண்டு. அலை அதைத் தொட்டால் பேட்டரி தோற்றது என்று எழுதி நிறுத்திவிட வேண்டும். பதினோராம் மாதத்தில் கோட்டுக்கும் அலைக்கும் நடுவே ஒரு விரல் இடம்தான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வாலாஜாபாத் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் குளிரறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இன்னா மேடம், இது கோட்டாண்ட போயிக்கினே கீது. வாக்கி டாக்கி பேட்டரி இப்டி ஆனா சுத்தமா எறக்கிட்டு ஏத்துவோம், பழையபடி வந்துரும். இதையும் அப்டிச் செய்லாமா?"

நான் நிமிரவில்லை. உயரத்தில் சுற்றும் கோள்களுக்குக் கிரகணம் இல்லாத மாதங்களில் அப்படிச் செய்வது உண்டு என்று எங்கோ படித்தது மனதில் ஓடியது. ஆனால் நமக்கு அடுத்த கிரகணம் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும், அதனால் இந்தப் பரிசோதனையில் அதற்கு இடம் கிடையாது. இவ்வளவையும் சொல்லியிருக்க வேண்டும். பையின் ஜிப்பை இழுத்தபடி, "செய்யலாம்ணே" என்றேன்.

அப்படியொரு வழி உண்டு என்ற பொருளில் சொன்னேன். செய்யுங்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். நான் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை சுருளை விரித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பகலில் அலைகள் நின்றுபோய், ஒரே ஒரு பெரிய பள்ளம் இருந்தது. ஐந்து கிரகணங்களைக் காணோம். அதற்குப் பிறகு வந்த அலைகள் எல்லாம் கோட்டுக்கு மேலே நன்றாகத் தூக்கி நின்றன. பத்து நாள் பட்டினி கிடந்தவன் சாப்பிட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. அவர் ஞாயிறு ஓ.டி.யில் வந்து, இயந்திரத்தைத் தானாக ஓடவிடாமல் கையால் இயக்கும் நிலைக்கு மாற்றி, மூன்று மணி நேரம் இறக்கி, மெதுவாக ஏற்றி, சாயங்காலம் பழையபடி விட்டிருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"பாத்தீங்களா மேடம்? எப்டி வந்துச்சி!"

நான் அடுத்து, தனித்தனி செல்லின் வோல்டேஜை அச்சடிக்கும் பட்டையை எடுத்தேன். பள்ளத்தின் அடியில் பதினேழாம் எண்ணுக்கு எதிரே ஒரு கழித்தல் குறி. வாக்கி டாக்கியில் அவர் பார்த்துப் பழகியது மொத்த வோல்டேஜை. இங்கேயும் அதையே பார்த்தார், அது ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் இருபத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் காலியாவதில்லை. ஐந்தில் ஒரு பங்கு எடுக்கிற வரை அந்த வித்தியாசம் தெரியாது. அடிவரை போனால் முதலில் காலியாகிற செல்லை மற்றவை தலைகீழாகத் தள்ளிவிடும். அதனால்தான் ஒரே மாதிரியான செல்களாகப் பொறுக்கிக் கோப்பதும், அடிப்பக்கமே போகாததும். தலைகீழாகப் போன செல்லில் ஹைட்ரஜன் வரும். சார்ஜ் ஏறும்போது வரும் ஆக்சிஜனை செல் தானே விழுங்கிக்கொள்ளும், ஹைட்ரஜனை அப்படி லேசில் விழுங்காது. பதினேழின் தலையில் அழுத்தமானி இருந்தது. முள் ஏறியிருந்தது. நான் அரை மணி நேரம் எதிரே நின்றேன், அது இறங்கவில்லை.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிரிப்பு போய்விட்டது. "இது இப்டி ஆவும்னு எனக்குத் தெரியாதே மேடம்" என்றார். என்னைக் கேட்டுத்தானே செய்தேன் என்று சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

மேனேஜர் பள்ளம் விழுந்த துண்டைக் கிழித்துவிடலாமா என்று பார்வையாலேயே கேட்டார். முடியாது சார் என்றேன். நேர்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். பதினேழு எப்படியும் ஒருநாள் காட்டிக்கொடுக்கும், அதற்குள் எங்கள் கணக்கை நம்பி இதே வகைப் பேட்டரி மேலே போயிருந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம்தான்.

புதன்கிழமை, பேட்டரியைக் கொடுத்திருந்த செயற்கைக்கோள்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். பொறுமையான மனிதர்கள். சுருளைப் பார்த்தார்கள், பட்டையைப் பார்த்தார்கள், குளிரறைக்குள் போய் முள்ளைப் பார்த்தார்கள். இந்தப் பேட்டரியின் கணக்கு இத்தோடு முடிந்தது, புதுப் பேட்டரியோடு முதல் கிரகணத்திலிருந்து ஆரம்பிப்போம் என்றார்கள். கூடத்தை விட்டுவிடவில்லை. எனக்கு மூச்சு வந்தது. பிறகு அவர்களில் ஒருவர் டெக்னீஷியனைப் பார்த்து, யார் சொல்லி இதைச் செய்தீர்கள் என்று கேட்டார்.

அண்ணன் என் பக்கம் பார்க்கவே இல்லை.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் செஞ்சேன்."

நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு நிமிடம் இருக்கும், அதற்கு மேல் இருக்காது. அந்த ஒரு நிமிடத்தில் என் வேலை, என் பெயர், பஸ் ஜன்னலோரம், எல்லாம் கண்முன் வந்து போயின. வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தன. மேனேஜர் அதற்குள் ஃபைலை மூடி, பர்மனென்ட் பேச்சு இனி இல்லை, இந்த மாதத்தோடு நீங்கள் வரவேண்டாம் என்று சொல்லி முடித்திருந்தார்.

அப்புறம்தான் பேசினேன். "சார், அவர் என்னிடம் கேட்டார். செய்யலாம் என்று நான்தான் சொன்னேன். தப்பு என்னுடையது."

மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வந்திருந்த இருவரில் மூத்தவர் கனிவாகச் சிரித்தார். "கூட வேலை செய்யறவருக்காக நீங்க இப்படிப் பேசறது நல்ல மனசும்மா. ஆனா அவரே ஒத்துக்கிட்டாரே." நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்களுக்கு என்மேல் மரியாதைதான் கூடியது. அண்ணனும் என் கையிலிருந்த பதிவேட்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "வுடுங்க மேடம்" என்றார்.

மாதக் கடைசியில் அவர் போனார். புதுப் பேட்டரிக்கு என்னைத் தலைமைப் பொறுப்பில் போட்டார்கள். உத்தரவில் காரணம் எழுதியிருந்தது: சக ஊழியர்களிடம் பரிவு.