பெட்டியில் எழுதியிருந்த வேகம்

மகளின் கணினி ரேம், பெட்டியில் எழுதியிருந்த வேகத்தைவிடக் குறைவாக ஓடியது எனக்குப் பொறுக்கவில்லை. அவளைக் கேட்காமலே கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் நுழைந்து, ரேமை அந்த வேகத்தில் ஓட்டும் புரொஃபைலை இயக்கிவிட்டேன். அவளுடைய அலுவலக வேலையெல்லாம் ஒழுங்காக நடந்தது. அவள் இணையத்தில் அணியாக ஆடும் கனமான கேம் மட்டும் நடு ஆட்டத்தில் திடீரென மூடிக்கொண்டது. இப்படிப் பாதியில் காணாமல் போனால் அணியிலிருந்து நீக்கிவிடுவோம் என்று அவளுடைய அணியினர் சொன்னார்கள். நான் எங்கள் செம்பாக்கத்து மின்சாரத்தைத் திட்டினேன்.

கணினியைத் தூக்கிக்கொண்டு இருவரும் போனோம்; தாம்பரம் கடைக்காரர் பயாஸைப் பார்த்தார். "இந்த ஸ்பீடு இந்த போர்டுல நிக்கல சார். யார் மாத்தினது?"

"நான்தான்."

"ஸ்கூட்டர்ல நாப்பதைத் தாண்ட மாட்டீங்க. என் ரேம்லதான் ரேஸாப்பா?" என்றாள் மகள்.

அவர் பழைய வேகத்துக்கே மாற்றினார். அன்று ஆட்டம் கடைசிவரை ஓடியது. முடிந்ததும் மகளிடம் மைக்கை வாங்கி, தவறு என்னுடையது என்று அணியிடம் சொன்னேன்.

"அங்கிள், நீங்க எங்க டீமா, எதிர் டீமா?" என்றது ஒரு குரல்.